கடலை விட்டுக் கிளம்பிய பொட்டு

மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ எல்லாப் பிள்ளைகளும் ஒரு கதை கேட்கிறார்கள். கடலில் ஒரு குட்டி நீர்த்துளி இருந்தது. வெயில் சுட்டது. துளி ஆவியாகி மேலே போனது, மேகமானது, குளிர்ந்தது, மழையாக மலையில் விழுந்தது, ஆற்றோடு ஓடி மறுபடியும் கடலம்மாவின் மடியில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு படம்: வட்டமாக நான்கு அம்புக்குறிகள், மூலையில் சிரிக்கும் சூரியன். பிள்ளை அந்தப் படத்தை அழகாக வரைந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடும்.

அதே பிள்ளையிடம், "மேகத்திலிருந்து மழை ஏன் விழுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "மேகமும் மேகமும் மோதிக்கொள்ளும், அதனால்" என்று பதில் வரும். "மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோமே, அங்கே சூடாகத்தானே இருக்கணும், எப்படிக் குளிரும்?" என்று திருப்பிக் கேட்கும் பிள்ளையும் உண்டு. அருமையான கேள்வி. கதை அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. அம்புக்குறிகள் துளி எங்கே போகிறது என்று காட்டுகின்றனவே தவிர, அது ஏன் போகிறது என்று சொல்வதில்லை.

எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்லலாம்? ஒரு துளியை அரபிக்கடலில் எடுத்து, குடகு மலையில் இறக்கி, காவிரியோடு விட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன். நடுநடுவே, பெரியவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் சிக்கல், கதாநாயகன் யார் என்பது. துளியைக் கதாநாயகன் ஆக்கினால் கதை முதல் கட்டத்திலேயே உடைந்துவிடும். ஏனென்றால் ஆவியாகும்போது துளி முழுசாக எழுந்து பறப்பதில்லை. அது சிதறிப்போகிறது. இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மழைத்துளியில் எத்தனை நீர் மூலக்கூறுகள் இருக்கும் என்றால், 14 என்று எழுதிப் பின்னால் 19 சுழியம் போட வேண்டும். அவை ஒவ்வொன்றும் தனித்தனியே கிளம்பி, காற்று கொண்டுபோன திசையில் போய்விடும். மறுபடி அதே கூட்டம் ஒன்றுசேரப் போவதே இல்லை. அதனால் துளிக்குப் பதிலாகத் துளிக்குள் இருக்கும் மிகச் சிறிய ஒரு துணுக்கைக் கதாநாயகன் ஆக்குவது நல்லது. 'மூலக்கூறு' என்ற சொல்லை எட்டு வயதில் திணிக்க வேண்டியதில்லை. ஒரு பெயர் வைத்தால் போதும். நான் வைக்கும் பெயர் பொட்டு.

> பொட்டு அரபிக்கடலில் இருந்தது. அது எவ்வளவு சின்னது தெரியுமா? உன் கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஒரு துளித் தண்ணீருக்குள் பொட்டுவைப் போல எண்ணவே முடியாத அளவு துணுக்குகள் இருந்தன.
>
> எத்தனை நாளாக அங்கே இருக்கிறோம் என்று பொட்டுவுக்கே ஞாபகம் இல்லை. சூரியன் எட்டாத ஆழத்தில் ரொம்ப காலம் கிடந்தது. பிறகு ஒருநாள் நீரோட்டம் அதை மேலே கொண்டுவந்தது.
>
> மேலே ஒரே தள்ளுமுள்ளு! வெயில் பட்டுப் பட்டு எல்லாத் துணுக்குகளும் துள்ளிக்கொண்டிருந்தன. "ஏய், இடிக்காதே!" என்றது பொட்டு. "நான் இடிக்கலை, என்னை இடிக்கிறாங்க!" என்றது பக்கத்தில் இருந்த துணுக்கு. அப்போது பின்னாலிருந்து பலமாக ஒரு இடி விழுந்தது. பொட்டு எகிறியது. எப்போதும் மற்றவை கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த முறை பிடி நழுவிவிட்டது.
>
> பொட்டு காற்றில் இருந்தது. கீழே திரும்பிப் பார்த்தது. "உப்பே, நீ வரலையா?" என்று கத்தியது. உப்பால் வர முடியவில்லை. அது கடலிலேயே தங்கிவிட்டது.

ஆவியாவதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. நம் வீட்டில் அவர்கள் ஆவியைப் பார்ப்பது இட்லிப் பானையில்தானே! மே மாதக் கடைசியில் அரபிக்கடலின் மேற்பரப்பு 30 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இருக்கும். கொதிநிலையோ 100 டிகிரி. கொதிக்காமலேயே நீர் எழும்புவது எப்படி? எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை என்பதே பதில். மேற்பரப்பில் இருப்பவற்றில் மிக வேகமாகத் துள்ளுவது பிடியை அறுத்துக்கொண்டு வெளியே போகிறது. வெயில் வேகத்தைக் கூட்டுகிறது, வெளியே வந்ததைக் காற்று அடித்துக்கொண்டு போய் அடுத்ததற்கு இடம் விடுகிறது. ராத்திரி கொடியில் போட்ட துணி விடிவதற்குள் காய்ந்திருப்பதைக் காட்டினால், 'சூரியன் உறிஞ்சுகிறது' என்ற எண்ணம் தானாக ஆட்டம் காணும்.

உப்பைக் கதையில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கடல் கரிக்கிறது, மழை ஏன் கரிக்கவில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் போன பிறகு மிஞ்சுவதைத்தான் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்களில் வாருகிறார்கள். ஒரு தட்டில் உப்புக் கரைசலை ஊற்றி வெயிலில் வைத்தால் மறுநாள் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் கடலிலிருந்து கிளம்பும் அம்புக்குறி நேராக மலைக்குத்தான் போகும். உண்மையில் கடலிலிருந்து எழும்பும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு மழையாகக் கடலிலேயே விழுந்துவிடுகிறது. நிலத்துக்கு வருவது மிச்சமுள்ள ஒரு பங்குதான். பொட்டு அந்த ஒரு பங்கில் இருந்தது. பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள், கதையில் ஒரு பதற்றம் வரும்.

> தென்மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அது பொட்டுவையும் அதன் கூட்டத்தையும் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. பக்கத்தில் பறந்த சில துணுக்குகள் மழையோடு சேர்ந்து கடலில் விழுந்துவிட்டன. "நானும் விழுந்துடுவேனோ?" என்று பயந்தது பொட்டு.
>
> திடீரென்று எதிரே ஒரு பெரிய பச்சைச் சுவர். மேற்குத் தொடர்ச்சி மலை! காற்றுக்கு வழியில்லை. அது மலைமேல் ஏறத் தொடங்கியது. பொட்டுவும் கூடவே ஏறியது.
>
> ஏற ஏறக் குளிர்ந்தது. பொட்டுவின் துள்ளல் குறைந்தது. யாரையாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அப்போது ஒரு தூசி மிதந்து வந்தது. உற்றுப் பார்த்தால் அது உப்பு! அலை உடைந்து தெறித்தபோது காற்றில் கலந்த உப்புத் தூசி.
>
> "நீயா! வர முடியாதுன்னு நினைச்சேனே!" என்றது பொட்டு.
>
> "நான் ஆவியாகி வரலை. அலை என்னைத் தூக்கி எறிஞ்சுது. வா, வந்து உட்காரு" என்றது உப்பு.
>
> பொட்டு உட்கார்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இன்னொன்று, இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாமல் பறந்தவை எல்லாம் சேர்ந்து ஒரு குட்டித் துளி ஆயின. சுற்றிலும் அதே போலக் கோடிக்கணக்கான குட்டித் துளிகள். கீழே நின்றிருந்த ஒரு பையன் அண்ணாந்து பார்த்து, "அம்மா, மேகம்!" என்றான்.

மேலே ஏன் குளிர்கிறது என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. சூரிய ஒளி முதலில் சூடாக்குவது தரையையும் கடலையும். காற்று அங்கிருந்துதான் சூடு வாங்குகிறது. அது மேலே போகும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டு, விரலை அதில் காட்டச் சொல்லுங்கள். ஜில்லென்று படும். மேகம் உருவாகும் முன் காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குளிர்ந்துவிடும். மலை வழிமறித்துக் காற்றை ஏற வைப்பதால்தான் மலையின் மேற்குப் பக்கம் மழை கொட்டுகிறது. தாண்டிக் கீழே இறங்கும் காற்று மறுபடி சூடாகிவிடுவதால், கிழக்கே நாம் இருக்கும் பக்கம் ஆனி ஆடியில் வெறும் காற்றுதான் வீசுகிறது.

மேகம் என்பது ஆவி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடப் புத்தகங்களைப் படித்த பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகம் தெரிகிறது என்றாலே அது ஏற்கெனவே நீர்த்துளி ஆகிவிட்டது என்று பொருள், மிக உயரமாக இருந்தால் பனித்துகள். கெண்டியின் மூக்கைக் கவனித்தால், நுனியை ஒட்டி ஓரிரு விரற்கடை தூரம் ஒன்றுமே தெரியாது. அதுதான் நீராவி. அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து துளியானது. பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்துக் காட்ட வேண்டும், அந்தத் தெரியாத இடம்தான் கையைப் பொசுக்கும்.

காற்றிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதை நம்ப வைக்க ஒரு சில்வர் டம்ளர் போதும். ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால் சில நிமிடங்களில் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும். "உள்ளேயிருந்து கசியுது" என்று பிள்ளை சொல்லும். மறுக்காமல், தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கி மறுபடி வைக்கச் சொல்லுங்கள். வெளியே படிந்ததை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் மஞ்சள் ஏறாது. அப்படியானால் அது உள்ளேயிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.

உப்புத் தூசி எதற்கு? காற்றில் உட்கார ஏதாவது ஒன்று இல்லாமல் நீராவி எளிதில் துளியாவதில்லை. கடல் உப்பு, மண் தூசி, புகை, மகரந்தம் என்று எதுவானாலும் சரி. தெளிவான பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஊதுபத்திப் புகையைச் சற்று உள்ளே விட்டு மூடுங்கள். பாட்டிலை நன்றாக அமுக்கி, சட்டென்று விடுங்கள். விட்ட நொடியில் உள்ளே மேகம் தெரியும், அமுக்கினால் மறையும். புகை இல்லாமல் செய்தால் ஏதும் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். விரிந்தால் குளிரும் என்பதையும் உட்காரத் தூசி வேண்டும் என்பதையும் ஒரே பாட்டில் காட்டிவிடுகிறது.

> மேகத்துக்குள் பொட்டு இருந்த துளி மெதுவாகக் கீழே இறங்கப் பார்த்தது. கீழேயிருந்து வந்த காற்று மேலே தூக்கிவிட்டது. இறங்கும், தூக்கும். இறங்கும், தூக்கும்.
>
> அப்படி ஆடும்போது பக்கத்துத் துளியில் முட்டியது. இரண்டும் ஒன்றாயின. கொஞ்சம் பெரிதானதும் வேகமாக இறங்கியது, வழியில் இருந்தவற்றை எல்லாம் சேர்த்துக்கொண்டது. பத்து, நூறு, ஆயிரம், லட்சம்! இப்போது காற்றால் தூக்க முடியவில்லை.
>
> "விழறோம்! விழறோம்!" என்று எல்லாத் துணுக்குகளும் கத்தின.
>
> சொட்! ஒரு காட்டுமரத்தின் இலைமேல் விழுந்தது. அங்கிருந்து வழுக்கிக் கீழே சருகுமேல் விழுந்தது. அது குடகு மலை.

மேகத்துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். அசையாத காற்றில் அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும், அதனால் லேசான மேல்நோக்கிய காற்றே அதைத் தாங்கிவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளியாக அது வளர வேண்டுமானால் அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் ஒன்றுசேர வேண்டும். அந்தத் துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழும். ஆக, 'மேகம் பாரம் தாங்காமல் கொட்டுகிறது' என்பது சரியில்லை. ஒரு கன கிலோமீட்டர் அளவுள்ள சாதாரண வெண்பஞ்சு மேகத்திலேயே 500 டன் தண்ணீர் இருக்கும், அது சொட்டு மழை தராமல் நகர்ந்து போகும். மொத்தமாக எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை விட, ஒவ்வொரு துளியும் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதுதான் மழையைத் தீர்மானிக்கிறது. துளியின் உருவத்தையும் மாற்றி வரையுங்கள். மேலே கூராக, கீழே உருண்டையாகத் துளி விழுவதில்லை. சின்னது உருண்டையாக இருக்கும், பெரியது அடிப்பக்கம் தட்டையாகிவிடும்.

> மழையில் வந்த பலர் சரிவில் ஓடத் தொடங்கினார்கள். "பொட்டு, வா! ஆத்துக்குப் போறோம்!" என்று கூப்பிட்டார்கள். பொட்டு கிளம்புவதற்குள் சருகுக்கு அடியில் இருந்த மண் அதை உள்ளே இழுத்துக்கொண்டது.
>
> உள்ளே இருட்டு. ஒரு மண்புழு போட்ட ஓட்டை வழியாக இறங்கியது. ஒரு வேர் பொட்டுவை எட்டிப் பிடிக்கப் பார்த்தது, நழுவிவிட்டது. பிறகு பாறை இடுக்கு. அங்கே அவசரமே இல்லை. ஒரு நாளைக்கு ஓரடி நகர்ந்தால் பெரிது.
>
> மழை நின்றது. வெயில் வந்தது. வாரங்கள் போயின. ஒருநாள் பாறை இடுக்கின் முடிவில் வெளிச்சம் தெரிந்தது. பொட்டு ஒரு ஊற்றிலிருந்து எட்டிப் பார்த்தது. எதிரே குட்டியாக ஒரு ஓடை. "யார் நீ?" என்றது பொட்டு. "நான்தான் காவிரி" என்றது ஓடை.

இந்தக் கட்டத்தைக் கதையிலிருந்து வெட்டிவிடாதீர்கள். 2005இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்களான ஒரிட் பென்-ஸ்வி அசராஃப், நிர் ஓரியன் இருவரும் நடுநிலைப்பள்ளி மாணவர்களை நீர்ச்சுழற்சியை வரையச் சொல்லி ஆராய்ந்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நிலத்தடி நீர் அந்தச் சுழற்சியின் ஒரு பகுதி என்பதே பிடிபடவில்லை. மேலே நடப்பது மட்டும் வரையப்பட்டது. மண்ணுக்குள் போன துளி தொலைந்துபோனது என்றே அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மழையே இல்லாத மாசி பங்குனியிலும் மலையில் ஓடை ஓடுகிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பொட்டு போல மெதுவாக வந்தவைதான். காட்டை வெட்டி மண்ணை இறுகவிட்டால் துளி உள்ளே போகாது. மழைநாளில் வெள்ளமும் கோடையில் வறண்ட ஓடையும் அப்போதுதான் சேர்ந்து வருகின்றன.

அடுத்து மனிதர்கள். 2019இல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு 12 நாடுகளைச் சேர்ந்த 464 நீர்ச்சுழற்சிப் படங்களைப் பார்த்தது. அவற்றில் 85 சதவீதப் படங்களில் மனிதர் தண்ணீரைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. ஆறு மலையிலிருந்து நேராகக் கடலுக்கு ஓடுகிறது, நடுவே அணை இல்லை, வாய்க்கால் இல்லை, கிணறு இல்லை. பல நாட்டுப் பள்ளிகளில் பயன்படும் தன் படத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2022இல் புதிதாக வரைந்தபோது வயல்களையும் நகரங்களையும் அதில் சேர்த்தது. காவிரியில் போகும் பொட்டுவுக்கு மனிதர்களைச் சந்திக்காமல் ஒரு அடி நகர முடியாது.

> காவிரி வளர்ந்தாள். பொட்டு கூடவே ஓடியது. கண்ணம்பாடியில் ஒரு பெரிய சுவர் வழியை மறித்தது. "நில்! கதவு திறந்தால்தான் போகலாம்" என்றார்கள் முன்னால் நின்றவர்கள். கதவு திறந்தது. பொட்டு ஓடியது. ஒகேனக்கல்லில் பாறைமேல் குதித்தது. மேட்டூரில் இன்னொரு சுவர். அங்கே நாள் கணக்கில் காத்திருந்தது. சில துணுக்குகள் காத்திருந்தபடியே வெயிலில் எகிறிக் காற்றுக்குப் போய்விட்டன.
>
> மேட்டூர்க் கதவு திறந்தது. திருச்சி தாண்டிக் கல்லணை. அங்கே ஆறு நாலாகப் பிரிந்தது. "கடலுக்கு எந்த வழி?" என்று கேட்பதற்குள் பொட்டு ஒரு வாய்க்காலில் திரும்பிவிட்டது. வாய்க்காலிலிருந்து மடை. மடையிலிருந்து வயல்.
>
> "பாத்து மிதிங்கடி, நாத்து சாஞ்சுடப் போவுது" என்று ஒரு அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். சேற்றில் கிடந்த பொட்டுவை ஒரு நெற்பயிரின் வேர் பிடித்தது. இந்த முறை நழுவ முடியவில்லை. வேர் வழியாக, தண்டு வழியாக மேலே மேலே. இலையில் ஒரு குட்டிச் சன்னல் திறந்திருந்தது.
>
> பொட்டு வெளியே குதித்தது. அது மறுபடியும் காற்றில் இருந்தது!
>
> "நான் கடலுக்கே போகலையே!" என்று ஆச்சரியப்பட்டது பொட்டு.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. வழக்கமாக ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறப்பார்கள், நீர் இருப்பைப் பொறுத்து அது தள்ளிப்போவதும் உண்டு. டெல்டாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தேதி தெரிந்திருக்கும். நீர்ச்சுழற்சி என்ற பாடம் அதோடு சம்பந்தப்பட்டது என்பதை யாராவது சொல்லித்தான் தெரியும்.

பொட்டு கடலுக்குப் போகாததை நான் வேண்டுமென்றே வைத்தேன். நிலத்தில் விழும் மழையில் 60 சதவீதத்துக்கும் அதிகமானது கடலைப் பார்ப்பதே இல்லை. மண்ணிலிருந்தும் ஏரி குளங்களிலிருந்தும் செடிகொடிகளின் இலைகளிலிருந்தும் நேராகக் காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. கடலம்மாவின் மடியில் கதை முடிவது அழகாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலான துளிகளின் கதை அப்படி இல்லை. இலையின் வேலையைப் பார்க்க, ஒரு கிளையைச் செடியிலிருந்து பறிக்காமலேயே ஒரு பாலித்தீன் பையால் மூடி அடிப்பக்கம் கட்டி, ஒரு பகல் வெயிலில் விட்டால் போதும். சாயங்காலம் பைக்குள் தண்ணீர் நிற்கும்.

கடலுக்குப் போன துளியையும் தமிழில் மிகப் பழங்காலத்திலேயே பாடியிருக்கிறார்கள். கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காட்டுகிறார். சரக்குகள் வருவதையும் போவதையும், வானம் முகந்த நீர் மலையில் பொழிந்து, மலையில் பொழிந்தது கடலில் பரவுவதோடு ஒப்பிடுகிறார். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் நின்று பாடியவர் முழுச் சுற்றையும் பார்த்திருக்கிறார். பூம்புகார் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்கள் பொட்டுவின் தோழன் ஒருவனை அந்த வழியில் அனுப்பலாம்.

> இப்போது காற்று வேறு பக்கமிருந்து வீசியது. வடகிழக்கிலிருந்து! அது ஐப்பசி மாதம். காற்று பொட்டுவைத் தென்மேற்கே தள்ளிக்கொண்டு போனது. புதுக்கோட்டை தாண்டியது. மறுபடி குளிர், மறுபடி ஒரு தூசி, மறுபடி மேகம்.
>
> சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் பொட்டு மழையாக விழுந்தது. கண்மாயின் அடி மண் வழியாக இறங்கியது. கீழே, இன்னும் கீழே. அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள்.
>
> "எவ்வளவு நாளா இங்கே இருக்கீங்க?" என்றது பொட்டு.
>
> "போன மழையிலே வந்தேன்" என்றது ஒன்று. "உன் பாட்டிக்குப் பாட்டி காலத்துலே வந்தேன்" என்றது இன்னொன்று.
>
> பொட்டு இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஒருவேளை நாளைக்கு யாராவது கிணற்றில் வாளி விட்டால் வெளியே வரும்.

கதையை இப்படி நடுவழியில் நிறுத்தினால் பிள்ளைகள், "அப்புறம்?" என்பார்கள். அப்புறத்தை அவர்களே எழுத ஒரு வழி இருக்கிறது. 'ப்ராஜெக்ட் வெட்' என்ற அமெரிக்க நீர்க்கல்வி அமைப்பு உருவாக்கிய விளையாட்டு அது. மேகம், கடல், ஆறு, ஏரி, மண், நிலத்தடி, செடி, விலங்கு, பனிமலை என்று அறையில் ஒன்பது இடங்கள் குறிக்கப்படும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரிய பகடை. பிள்ளைகள் நீர்த்துணுக்குகளாக நின்று பகடை உருட்டி, அது சொல்லும் இடத்துக்குப் போய், போன இடங்களை வரிசையாக எழுதிக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் ஒரே பகடை இல்லை. கடலின் பகடையில் பெரும்பாலான பக்கங்களில் 'இங்கேயே இரு' என்றுதான் எழுதியிருக்கும். ஒரு நீர் மூலக்கூறு கடலில் சராசரியாக 3,000 ஆண்டுகள் தங்குகிறது, காற்றிலோ ஒன்பது பத்து நாள்தான்.

அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டினால் பகடை தயார். நம் ஊருக்குப் பனிமலை வேண்டாம், அந்த இடத்தில் கண்மாயையோ அணையையோ வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் பட்டியலை வைத்துக் கதை எழுதட்டும். திருத்தும்போது எழுத்துப்பிழையை விட மூன்று இடங்களைக் கவனித்தால் போதும்: துளி ஏன் எழும்பியது என்று சொன்னதா, மேகத்தில் எதன்மேல் உட்கார்ந்தது, மண்ணுக்குள் போனதை மறக்காமல் வெளியே கொண்டுவந்ததா. எட்டு முறை உருட்டியும் கடலிலேயே நின்றுவிட்ட ஒரு பிள்ளை முகம் வாடி, "எனக்குக் கதையே இல்லை" என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்குத்தான் மிகச் சரியான பட்டியல் கிடைத்திருக்கிறது என்று அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பிறகு அதை அடியாழத்து இருட்டில் துளி என்னென்ன பார்த்தது என்று எழுதச் சொல்லுங்கள்.